280 ரூபாய் அடக்கவிலை, 250 ரூபாய் கொட்டேஷன்: வாங்குவது ஏன் நட்டமாகலாம்?

கோவையில் தண்ணீர் பம்ப் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. பம்புக்குள் சுழன்று தண்ணீரை வீசும் இம்பெல்லரை அது தன் பட்டறையிலேயே கடைந்துகொள்கிறது. செலவுத் தாளின்படி ஓர் இம்பெல்லரின் அடக்கம் 280 ரூபாய். குறிச்சி சிட்கோ பக்கத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனம் அதே இம்பெல்லரை, அதே அளவில், அதே தரத்தில் 250 ரூபாய்க்குத் தருவதாக கொட்டேஷன் கொடுக்கிறது. ஆண்டுக்குத் தேவை 12,000 இம்பெல்லர். ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய் மிச்சம் என்று கணக்கு சொல்கிறது. முதலாளி வாங்கிவிடலாம் என்கிறார். கணக்குப் பிரிவில் ஒருவர் மட்டும், வாங்கினால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் நட்டம் என்கிறார்.

இருவர் கையிலும் இருப்பது ஒரே தாள்தான். கூட்டலில் தவறு இல்லை. அப்படியிருந்தும் இரண்டு விடைகள் வருகின்றன. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். தொழிற்சாலை கற்பனை, எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்தவை. ஆனால் இந்தக் குழப்பம் கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பட்டறைகளில் அன்றாடம் எழக்கூடியது.

## செலவுத் தாள் எதற்காக எழுதப்பட்டது?

ஓர் இம்பெல்லருக்கான தாள் இப்படி இருக்கிறது:

- வார்ப்பு (ஃபவுண்டரியிலிருந்து வரும் கச்சா வடிவம்): 140 ரூபாய்
- கூலி (பீஸ் ரேட்): 45 ரூபாய்
- கட்டிங் டூல், கூலன்ட், மின்சாரம்: 25 ரூபாய்
- நிலையான மேற்செலவில் பங்கு: 70 ரூபாய்
- மொத்தம்: 280 ரூபாய்

முதல் மூன்று வரிகளில் சிக்கல் குறைவு. வார்ப்பு வருகிறது, எந்திரத்தின் சக்கில் பிடித்து முகத்தைக் கடைகிறார்கள், நடுத்துளையை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள், கீவே வெட்டுகிறார்கள், கடைசியில் பேலன்சிங் பார்க்கிறார்கள். ஓர் இம்பெல்லர் குறைந்தால் ஒரு வார்ப்பு குறையும், ஒரு பீஸுக்கான கூலி குறையும், டூல் தேய்மானமும் அதற்கேற்பக் குறையும். எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்கும் இவற்றை மாறும் செலவுகள் என்கிறோம். கூட்டினால் 210 ரூபாய்.

நான்காவது வரியான 70 ரூபாய் வேறு வகை. அது ஆண்டு முழுவதற்குமான 8,40,000 ரூபாயை 12,000 இம்பெல்லரால் வகுத்து வந்த எண். ஓர் இம்பெல்லர் குறைவாகச் செய்தால் எந்த 70 ரூபாயும் யார் பையிலும் மிஞ்சாது. ஆண்டு முடிவில் இருப்புச் சரக்கை மதிப்பிடவும், விலைப் பட்டியல் போடவும் எல்லாச் செலவையும் எல்லாப் பொருள்மீதும் ஏற்றியாக வேண்டும் என்பதற்காகவே அந்தப் பங்கீடு செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது சரியான எண். “நாமே செய்வதா, வாங்குவதா” என்ற கேள்வியை மனத்தில் வைத்து அது எழுதப்படவில்லை.

## தொடர்புடைய செலவு என்றால் என்ன?

ஒரு முடிவுக்குத் தொடர்புடைய செலவு என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் உண்டு.

1. அது இனிமேல் வரப்போகும் பணமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே செலவாகிவிட்டது எந்த முடிவாலும் திரும்பி வராது. அதை மூழ்கிய செலவு என்கிறோம்.
2. இரண்டு வழிகளுக்கும் இடையே அது வேறுபட வேண்டும். செய்தாலும் வாங்கினாலும் அதே தொகை போகும் என்றால், அதை இரு பக்கமும் எழுதலாம், இரு பக்கமும் விடலாம், விடை மாறாது. ஒரு பக்கம் மட்டும் எழுதுவதுதான் தவறு.

முதலாளியின் கணக்கில் நடந்தது அந்தக் கடைசித் தவறு. செய்யும் பக்கத்தில் 70 ரூபாய் மேற்செலவை எழுதினார். வாங்கும் பக்கத்தில் 250 ரூபாயை மட்டும் எழுதினார். இம்பெல்லர் வேலையை நிறுத்திய மறுநாள் 8,40,000 ரூபாயும் காணாமல் போய்விடும் என்று அவர் கணக்கு பேசாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

## அந்த 70 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால்

8,40,000 ரூபாய்க்குள் என்னென்ன இருக்கின்றன என்று பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இம்பெல்லர் வேலையை நிறுத்தினால், இந்தத் தொகையில் எவ்வளவு அடுத்த ஆண்டு வங்கிக் கணக்கிலிருந்து போகாமல் நிற்கும்?

1. எந்திரத் தேய்மானம், 2,40,000 ரூபாய். இரண்டு சிஎன்சி எந்திரங்கள் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை. பணம் அன்றே போய்விட்டது. தேய்மானம் என்பது அந்தப் பழைய தொகையை ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதும் பதிவு மட்டுமே. நிற்கும் தொகை: இல்லை.
2. கட்டட வாடகையில் பங்கு, 1,50,000 ரூபாய். இடம் காலியானாலும் உரிமையாளருக்கு முழு வாடகை போகும். நிற்கும் தொகை: இல்லை.
3. அலுவலகம், நிர்வாகச் செலவில் பங்கு, 1,50,000 ரூபாய். கணக்காளர், காவலாளி, தணிக்கைக் கட்டணம் எதுவும் குறையப்போவதில்லை. நிற்கும் தொகை: இல்லை.
4. இம்பெல்லர் பிரிவுக்கென்றே இருக்கும் மேற்பார்வையாளர் சம்பளம், 2,40,000 ரூபாய். ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர். பிரிவு இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நிற்கும் தொகை: முழுவதும்.
5. அந்த எந்திரங்களின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், 60,000 ரூபாய். எந்திரம் ஓடாவிட்டால் புதுப்பிக்க வேண்டியதில்லை. நிற்கும் தொகை: முழுவதும்.

ஆக, நிற்கக்கூடியது 3,00,000 ரூபாய். இதைத்தான் தவிர்க்கக்கூடிய நிலைச் செலவு என்கிறோம். எண்ணிக்கை 10,000 ஆனாலும் 13,000 ஆனாலும் மாறாததால் அது நிலைச் செலவு. பிரிவையே மூடினால் போய்விடும் என்பதால் தவிர்க்கக்கூடியது. நிலைச் செலவு எல்லாமே தொடர்பில்லாதது என்று பாடப்புத்தகத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர்கள் சொல்வதுண்டு. அதுவும் முதலாளியின் தவறுக்குச் சமமான தவறுதான், எதிர்த் திசையில்.

3,00,000 ரூபாயை 12,000 இம்பெல்லருக்குப் பகிர்ந்தால் 25 ரூபாய். 210-உடன் சேர்த்தால் 235. நாமே செய்வதற்கான தொடர்புடைய செலவு இதுதான். 250 கொடுத்து வாங்கினால் ஒன்றுக்கு 15 ரூபாய், ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கூடுதலாகப் போகும். கணக்குப் பிரிவில் இருந்தவர் சொன்னது இதைத்தான்.

## எத்தனை இம்பெல்லர் வரை இந்த விடை நிற்கும்?

235 என்ற எண் 12,000-க்கு மட்டுமே சரி. 3,00,000 ரூபாய் நிலையாக நிற்பதால், எண்ணிக்கை குறையக் குறைய ஒன்றின்மீது ஏறும் பங்கு கூடும். செய்வதால் ஓர் இம்பெல்லருக்கு மிஞ்சுவது 250 கழித்தல் 210, அதாவது 40 ரூபாய். 3,00,000-ஐ 40-ஆல் வகுத்தால் 7,500. ஆண்டுத் தேவை 7,500-க்கு மேல் இருந்தால் செய்வது லாபம். அதற்குக் கீழே போனால் வாங்குவது லாபம்.

முதலாளியிடம் பேசும்போது 235 என்று சொல்வதைவிட 7,500 என்று சொல்வது நல்லது என்பது என் கருத்து. 235 என்றால் அது என்றைக்கும் நிலையான விலை போலத் தோன்றும். 7,500 என்றால் அடுத்த ஆண்டு விற்பனை எவ்வளவு என்ற சரியான கேள்விக்கு அவரே போய்விடுவார்.

## “தவிர்க்கலாம்” என்று எழுதுவதற்கு முன்

கணக்கில் அதிகம் பிழை நேர்வது இந்த இடத்தில்தான். ஒரு செலவு தவிர்க்கக்கூடியதா இல்லையா என்பது அதன் பெயரில் எழுதப்பட்டிருக்காது. சம்பளம் என்றால் தவிர்க்கலாம், வாடகை என்றால் முடியாது என்று பட்டியல் போட முடியாது. உண்மையில் நாளை என்ன நடக்கும் என்று கேட்டால்தான் தெரியும்.

மேற்பார்வையாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவை மூடிய பிறகு அவரை அசெம்பிளி பகுதிக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஏற்கெனவே ஆள் போதுமான அளவு இருந்தால், அவருடைய 2,40,000 ரூபாய் தொடர்ந்து போகிறது. மிச்சம் எதுவும் இல்லை. அங்கே ஓர் இடம் காலியாக இருந்து, அதே சம்பளத்தில் வெளியிலிருந்து ஒருவரை எடுக்கவிருந்தார்கள் என்றால், அந்தப் புதிய சம்பளம் மிச்சமாகிறது. செலவு தவிர்க்கப்பட்டதாகவே கொள்ளலாம். ஆள் ஒருவர், சம்பளம் ஒன்று, இரண்டு விடைகள்.

கூலியும் அப்படித்தான். பீஸ் ரேட் என்றதால் 45 ரூபாயை மாறும் செலவில் வைத்தேன். அதே வேலையை மாதம் 15,000 ரூபாய் வாங்கும் மூன்று நிரந்தரத் தொழிலாளர்கள் செய்தால், ஆண்டுக்கு அதே 5,40,000 ரூபாய்தான் வருகிறது. தாளில் அதே 45 ரூபாய்தான் தெரியும். ஆனால் அவர்களை வேலையைவிட்டு அனுப்பும் எண்ணம் இல்லையென்றால் அந்தத் தொகை எப்படியும் போகும். அப்போது செய்வதற்கான தொடர்புடைய செலவு 190 ஆக இறங்குகிறது. 250-க்கு வாங்கினால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் கூடுதல் செலவு. அனுப்புவதாக இருந்தால் ஆட்குறைப்பு இழப்பீட்டை வாங்கும் பக்கத்தில் எழுத வேண்டும். சட்டப்படி, முழுமையாகப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். எட்டு ஆண்டு வேலை செய்தவருக்கு ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம். பணிக்கொடையை இங்கே சேர்க்கக் கூடாது. அது அவர் உழைத்த ஆண்டுகளுக்காக ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கடன். இன்று கொடுக்கிறோமா, பிறகு கொடுக்கிறோமா என்பதுதான் மாறுகிறது.

மின்சாரத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. உயர் அழுத்த இணைப்பு உள்ள தொழிற்சாலை, ஓடிய யூனிட்டுக்குக் கட்டணம் கட்டுவதோடு, கேவிஏ கணக்கில் டிமாண்ட் கட்டணமும் கட்டுகிறது. தமிழ்நாட்டில் அது மாதத்தில் பதிவான உச்சத் தேவை, ஒப்பந்தத் தேவையின் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது போடப்படுகிறது. ஆகவே இரண்டு எந்திரங்களை நிறுத்தினால் யூனிட் குறையும். ஒப்பந்தத் தேவையைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்து அது குறையும்வரை டிமாண்ட் கட்டணம் பெரிதாகக் குறையாது. இங்கே எளிமைக்காக 25 ரூபாயில் உள்ள மின்சாரம் முழுவதையும் யூனிட் கட்டணமாகவே வைத்திருக்கிறேன். உங்கள் தாளில் இரண்டையும் கலந்து ஒரே வரியில் எழுதியிருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள்.

தேய்மானத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தேய்மானம் தொடர்பில்லாதது என்பதால் எந்திரமே இலவசம் என்று பொருளல்ல. பிரிவை மூடினால் எந்திரங்களை விற்கலாம். இன்று விற்றால் இரண்டுக்கும் சேர்த்து 6,00,000 ரூபாய், ஓராண்டு ஓட்டிவிட்டு விற்றால் 5,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்கும் 80,000 ரூபாயும், அந்த 6,00,000 ரூபாய் கையில் இருந்திருந்தால் 10 சதவீத வட்டியில் மிச்சமாகும் 60,000 ரூபாயும் செய்யும் பக்கத்துச் செலவுகள். மொத்தம் 1,40,000. செய்வதன் சாதகம் 1,80,000-லிருந்து 40,000 ஆகச் சுருங்குகிறது. இன்னும் செய்வதே லாபம், ஆனால் மயிரிழையில். விற்கும் எண்ணமே இல்லை, எந்திரம் மூலையில் உறைபோட்டு நிற்கும் என்றால் வட்டியை எழுத வேண்டியதில்லை. விலை இறக்கத்திலும் ஓட்டத்தால் கூடும் பகுதியை மட்டும் எழுதினால் போதும்.

## காலித் திறன் கணக்கில் எங்கே வருகிறது?

இதுவரை இம்பெல்லரைச் செய்யாவிட்டால் எந்திரங்கள் சும்மா நிற்கும் என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்துக்கு வேறு பயன் உண்டா என்று இப்போது கேட்போம்.

இரண்டு எந்திரங்கள், ஒரு ஷிப்ட், 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள்: 4,800 எந்திர மணி. ஓர் இம்பெல்லருக்கு 15 நிமிடம் வீதம் 12,000-க்கு 3,000 மணி. மீதி 1,800 மணி காலி.

வேறொரு பம்ப் நிறுவனம், போர்வெல் நீர்மூழ்கி பம்புக்கான பவுல் 3,600 வேண்டும் என்று ஆர்டர் கொண்டுவருகிறது. ஒரு பவுலுக்கு அரை மணி. பொருள், கூலி, டூல் செலவு போக ஒன்றுக்கு 90 ரூபாய் மிஞ்சும். விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்து மிஞ்சும் இந்தத் தொகைக்குப் பங்களிப்பு என்று பெயர். 3,600 பவுலுக்குத் தேவை 1,800 மணி. காலி நேரத்தில் அப்படியே அடங்கிவிடுகிறது. இம்பெல்லர் வேலையைத் தொட வேண்டியதில்லை. 3,24,000 ரூபாய் பங்களிப்பு வருகிறது.

ஆனால் அந்த ஆர்டரை ஏற்ற கணத்திலேயே இம்பெல்லரின் கணக்கு ஓசையின்றி மாறிவிடுகிறது. இப்போது இம்பெல்லரை நிறுத்தினாலும் பவுல் வேலைக்காக மேற்பார்வையாளர் இருந்தாக வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும். நேற்றுவரை தவிர்க்கக்கூடியதாக இருந்த 3,00,000 ரூபாய் இன்று தவிர்க்க முடியாதது. இம்பெல்லரின் தொடர்புடைய செலவு 235-லிருந்து 210 ஆகிவிட்டது. அந்தப் பிரிவில் யாரும் எதையும் மாற்றிச் செய்யவில்லை; பக்கத்தில் ஒரு வேலை வந்து உட்கார்ந்ததே காரணம்.

## எந்திரம் நிரம்பிய பிறகு

அடுத்து, அதே நிறுவனம் இன்னும் 6,000 பவுல் கேட்கிறது. தேவை 3,000 மணி. காலி நேரம் இல்லை. இம்பெல்லரை வெளியே வாங்கினால் சரியாக 3,000 மணி கிடைக்கும். இப்போது இம்பெல்லருக்கு ஒரு வாய்ப்புச் செலவு வந்துவிட்டது: அதைச் செய்வதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் வேறு வருமானம். எந்த வங்கிப் பதிவிலும் அது வராது. ஆனாலும் அது உண்மையான செலவு.

ஒப்பிட வேண்டியது மணிக்கு எவ்வளவு என்பதை. தட்டுப்பாடு எந்திர நேரத்துக்குத்தான், பீஸுக்கு அல்ல.

1. இம்பெல்லர்: நாமே செய்வதால் ஒன்றுக்கு மிஞ்சுவது 40 ரூபாய், மணிக்கு நான்கு, ஆக மணிக்கு 160 ரூபாய்.
2. பவுல்: ஒன்றுக்கு 90 ரூபாய், மணிக்கு இரண்டு, ஆக மணிக்கு 180 ரூபாய்.

பவுல் வெல்கிறது. 3,000 மணிக்கு 20 ரூபாய் வீதம் 60,000 ரூபாய் சாதகம். இம்பெல்லரை 250-க்கு வாங்கிவிட்டு பவுலைச் செய்வதே சரி. அதே இடத்தில் ஒன்றுக்கு 120 ரூபாய் பங்களிப்புத் தரும், ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேறொரு பாகம் வந்திருந்தால்? பீஸ் கணக்கில் 120 என்பது 90-ஐவிடவும் 40-ஐவிடவும் கவர்ச்சியாகத் தெரியும். மணிக் கணக்கில் அது 120 தான், இம்பெல்லரிடமே தோற்றுவிடும். அதற்காக இம்பெல்லரை வெளியே அனுப்புவது நட்டம்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். இந்த 60,000-உடன், இம்பெல்லர் பிரிவை மூடியதால் 3,00,000 ரூபாய் நிலைச் செலவும் மிச்சம் என்று சேர்த்து, 3,60,000 ரூபாய் லாபம் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. எந்திரத்தை ஓட்டிக்கொண்டே அதன் மேற்பார்வைச் சம்பளத்தையும் மிச்சப்படுத்த முடியாது. பிரிவை மூடினால் நிலைச் செலவு மிச்சம். பிரிவை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அந்த வேலையின் பங்களிப்பு கிடைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம். கணக்கு எதிர்பார்த்ததைவிட மிக அழகாக வந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

## கோடையில் ஒரு விடை, மழைக்காலத்தில் இன்னொன்று

பம்ப் தொழிலில் விற்பனை ஆண்டு முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது ஆர்டர் குவியும். மழை பிடித்தால் ஓயும். ஆண்டுக் கணக்கில் 1,800 மணி காலி என்றாலும், ஏப்ரலில் ஒரு மணிகூட காலியாக இல்லாமலும் நவம்பரில் பாதிப் பட்டறை சும்மா இருப்பதாகவும் இருக்கலாம். ஆகவே காலித் திறனை மாதவாரியாகப் பார்க்க வேண்டும்.

கோடையில் ஒரு ஷிப்ட் நேரத்துக்குள் அடங்காத இம்பெல்லர்களை என்ன செய்வது? ஓவர்டைம் பார்க்கலாம். சட்டப்படி ஓவர்டைம் ஊதியம் சாதாரண ஊதியத்தைப் போல் இரு மடங்கு. கூலி 45-லிருந்து 90 ஆகிறது. 140, 90, 25 சேர்ந்து 255 ரூபாய். வெளியே 250. வழிந்து நிற்கும் இம்பெல்லர்களை மட்டும் வாங்கிக்கொள்வது ஒன்றுக்கு 5 ரூபாய் லாபம். இந்தக் கணக்கில் மேற்பார்வையாளர் சம்பளம் வரவே கூடாது என்பதைக் கவனியுங்கள். பிரிவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதே இம்பெல்லரைச் செய்ய 210 தான் ஆகும்.

அப்படியானால் மழைக்காலத்திலேயே செய்து அடுக்கி வைக்கலாமே என்று தோன்றும். 210 ரூபாயை ஐந்து மாதம் முடக்கினால் 10 சதவீத வட்டியில் ஒன்றுக்கு ஒன்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கோடையில் வாங்குவதைவிட அப்போதும் மலிவுதான். வைக்க உலர்ந்த இடம் வேண்டும். கடைந்த வார்ப்பிரும்பு ஈரத்தில் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிடும். எண்ணெய் தடவி வைக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## கொட்டேஷனில் எழுதாதவை

250 ரூபாய்தான் வாங்கும் பக்கத்தின் முழுச் செலவா என்றும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் என்றால் வரிக்கு முந்தைய விலையைத்தான் ஒப்பிட வேண்டும். வண்டி வாடகையும், வந்த பாகத்தை அளந்து பார்க்கும் வேலையும் கூடும். எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. வார்ப்புக்குள் இருக்கும் காற்றுக்குழி பெரும்பாலும் கடையும்போதுதான் வெளியே தெரியும். ஃபவுண்டரி வார்ப்பை மாற்றிக் கொடுக்கும். நாம் போட்ட கூலியையும் டூல் செலவையும் கொடுக்காது. நூற்றுக்கு நான்கு வார்ப்பு இப்படிக் கழிந்தால், கூலி 45-உம் டூல், மின்சாரம் 25-உம் சேர்ந்த 70 ரூபாய் வேலை நான்கு முறை வீண்; நல்ல இம்பெல்லர் ஒன்றின்மீது சுமார் 3 ரூபாய் ஏறும். வாங்கினால் அந்தச் சுமை விற்பவருடையது.

பணம் கொடுக்கும் தவணையையும் பார்க்க வேண்டும். விற்பவர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 90 நாள் கடனில் வாங்கலாம் என்ற நினைப்பில் வட்டி மிச்சத்தை எழுதியிருந்தால் அதை அடித்துவிட வேண்டும்.

## வாங்கிய பிறகு பேரேட்டில் நடப்பது

முதலாளி தன் முதல் கணக்கை நம்பி பிரிவை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம், வாடகை, நிர்வாகம் ஆகியவற்றின் 5,40,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. அதைச் சுமக்க இம்பெல்லர் இல்லை. ஆண்டு முடிவில் அது மற்றப் பாகங்கள்மீது பிரிந்து ஏறும். நேற்று சரியான விலையில் இருந்த ஷாஃப்ட்டின் அடக்கம், கடைசல் வேலையில் ஒரு துளிகூட மாறாமல், தாளில் உயர்ந்துவிடும். வெளியிலிருந்து வரும் ஷாஃப்ட் கொட்டேஷன் இப்போது மலிவாகத் தெரியும். அதையும் வாங்கினால் மிச்சம் இன்னும் குறைவான பாகங்கள்மீது ஏறும்.

ஒவ்வொரு முடிவிலும் தாள் ஒரு சேமிப்பைக் காட்டும். மொத்த லாபம் மட்டும் ஆண்டுக்காண்டு இறங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்வழி உண்டு. வாங்கத் தொடங்கிய முதல் ஆண்டு முடிவில், பாகவாரியான அடக்கவிலையை விட்டுவிட்டு, தொழிற்சாலை முழுவதற்கும் வெளியே போன மொத்தப் பணத்தை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள், விற்பனை அளவுக்கு ஏற்றத்தாழ்வு சரிசெய்து. சொல்லப்பட்ட 3,60,000 ரூபாய் அங்கே எந்த வரியில் குறைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

## எந்திரம் கிழமாகும் நாள்

செய்வதே லாபம் என்ற விடை, எந்திரம் கையில் இருப்பதாலும் அதன் விலை மூழ்கிவிட்டதாலும் வந்தது. அதை நிரந்தரத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்தில் விழுவோம்.

பவுல் ஆர்டர் எதுவும் இல்லாத பழைய நிலைக்கே திரும்புவோம். ஒரு நாள் இரண்டு எந்திரங்களும் துல்லியத்தை இழந்துவிடுகின்றன. துளையின் அளவு நிற்கவில்லை. ஒன்று 15 லட்சம் வீதம் புதிதாக வாங்க 30 லட்ச ரூபாய் வேண்டும். அந்தப் பணம் இன்னும் போகவில்லை, வாங்காவிட்டால் போகாது. எனவே தொடர்புடைய செலவின் இரண்டு நிபந்தனைகளையும் அது நிறைவேற்றுகிறது. நேற்றுவரை கணக்கில் இடமே இல்லாத எந்திர விலை இன்று மிகப் பெரிய வரியாகிவிட்டது. ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் மிச்சத்துக்காக 30 லட்சம் போட்டால், வட்டியே இல்லாமல் முதல் திரும்ப பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். இம்பெல்லரை மட்டும் நம்பி அந்த எந்திரங்களை வாங்கக் கூடாது. அன்றைக்கு 250 ரூபாய்க் கொட்டேஷனை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புது எந்திரம் வேண்டாம், ஸ்பிண்டிலை மட்டும் பழுதுபார்த்தால் இன்னும் மூன்று ஆண்டு ஓடும், அதற்கு 2,50,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் சொன்னால் கணக்கு மீண்டும் திரும்புகிறது. அந்தத் தொகை ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். பழுது பார்த்து ஓட்டலாம். மூன்று ஆண்டு கழித்து, அன்றைய கொட்டேஷனோடும் அன்றைய ஆர்டர் புத்தகத்தோடும் இதே தாளை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.